படர்க்கையில் ஓர் அறிமுகம்

நுழையும்முன்

மேடையில் பேசவிருப்பவர் யார் என்பதை அவைக்கு முன்னரே தெரிவிப்பது அறிமுகக் குறிப்பு. அதைப் பெரும்பாலும் பேச்சாளரே எழுதித் தருகிறார். ஆனால் வேறொருவர் எழுதியதுபோல எழுதித் தருகிறார். விழா அமைப்பாளர் அதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அழைப்பிதழிலும் அறிவிப்பிலும் சேர்த்துக்கொள்ள இயல வேண்டும். வால்பாறையில் யானைகளின் நடமாட்டத்தை மக்களுக்கு அறிவிக்கும் பணியோடு தொடர்புடைய ஆய்வாளர் ஒருவரின் அறிமுகத்தைச் சான்றாகக் கொண்டு, இக்குறிப்பை எழுதும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மலைமேல் ஒரு செய்தி

ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டைஊசி வளைவுகளைக் கடந்தால் வால்பாறை வரும். ஆனைமலையின் மேலுள்ள இப்பீடபூமி ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிருந்த மழைக்காடுகள் அழிக்கப்பட்டுத் தேயிலை, காப்பித் தோட்டங்கள் உருவாயின. தோட்டங்களுக்கு இடையே இன்றும் சிறுசிறு சோலைகள் எஞ்சியுள்ளன. பீடபூமியைச் சூழ்ந்திருப்பவை ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும் ஆகும். யானைகள் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டிற்குச் செல்லும்போது ஆற்றோரத்து மரச்செறிவுகளையும் தேயிலைச் சரிவுகளையும் கடந்தே ஆகவேண்டும். அச்சரிவுகளிலேயே தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகளும் அமைந்துள்ளன.

அந்திப்பொழுதில் பேருந்திலிருந்து இறங்கிக் குடியிருப்பை நோக்கி நடக்கும் ஒருவர், வளைவுக்கு அப்பால் யானை நிற்பதை அறியாமல் அதனருகே சென்றுவிடக் கூடும். யானை எங்கே நிற்கிறது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தால் அவ்வழியைத் தவிர்த்திருப்பார். இவ்வெளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டு, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பைச் சார்ந்த ஆய்வாளர் எம். ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும் ஒரு தகவல் முறையை உருவாக்கினர். யானைகள் எந்தத் தோட்டத்தில், எந்தப் பகுதியில் உள்ளன என்பது கைப்பேசிக் குறுஞ்செய்தியாக மக்களைச் சென்றடைகிறது. உள்ளூர்த் தொலைக்காட்சியின் அடிப்பகுதியில் அதே செய்தி ஓடுகிறது. முதன்மையான இடங்களில் நடப்பட்டுள்ள கம்பங்களில் சிவப்பு விளக்கு எரிந்தால் அருகில் யானை உண்டு என்பது பொருள். இப்பணிக்காக ஆனந்தகுமாருக்கு 2015ஆம் ஆண்டு விட்லி விருது வழங்கப்பட்டது. காட்டுயிர்ப் பாதுகாப்புப் பணிக்காக இவ்விருதை வழங்குவது பிரிட்டனைச் சேர்ந்த விட்லி ஃபண்ட் ஃபார் நேச்சர் என்னும் அமைப்பு.

இத்தகைய ஒருவரைப் பள்ளியொன்றின் சுற்றுச்சூழல் மன்றம் உரையாற்ற அழைப்பதாகப் பயிற்சிக்காகக் கொள்க. அவரைப் பற்றிய அறிமுகக் குறிப்பை எவ்வாறு எழுதுவது?

முதல் வரைவும் அதன் குறைகளும்

மன்றத்து மாணவர் ஒருவர் மேடை முழக்கங்களைக் கேட்டுப் பழகியவர் எனின், அவருடைய முதல் வரைவு பின்வருமாறு அமையக்கூடும்.

> யானைகளின் தோழர், வனத்தின் காவலர், செயல்வீரர் ஆனந்தகுமார் அவர்கள் நம் ஊருக்கு வந்து பல ஆண்டுகளாக அரும்பணி ஆற்றி வருகிறார். தனது தனித்த முயற்சியால் யானை – மனித மோதலை முற்றிலும் ஒழித்தார். அண்மையில் உலகப் புகழ்பெற்ற விருதினை வென்று நமக்குப் பெருமை சேர்த்தார். இவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகலாம்.

ஓசை நயத்தோடு ஒலிக்கும் இவ்வரைவைப் படித்து முடித்த ஒருவரிடம், ‘இவர் செய்த பணி யாது?’ என வினவினால் அவரால் விடை கூற இயலாது. குறுஞ்செய்தி பற்றியோ சிவப்பு விளக்கு பற்றியோ இதில் ஒரு சொல்லும் இல்லை. விருதின் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. முதலில் வரும் மூன்று அடைமொழிகளையும் காட்டுயிர்த் துறையினர் எவருக்கும் சூட்டலாம். எவருக்கும் பொருந்தும் தொடர் எவரையும் அறிமுகப்படுத்துவதில்லை.

இதனினும் பெரிய குறை இரண்டாம் தொடரில் உள்ளது. ‘தனித்த முயற்சியால்’ என்பது உண்மையன்று. யானையைக் கண்டவுடன் தகவல் தரும் தோட்ட மக்களும், களத்தில் இரவும் பகலும் திரியும் குழுவினரும், வனத்துறையினரும் இல்லையெனில் இம்முறை ஒரு நாளும் இயங்காது. அவர்கள் அனைவரையும் அந்த ஒரு சொல் அழித்துவிடுகிறது. ‘மோதலை முற்றிலும் ஒழித்தார்’ என்பதும் உண்மையன்று. வால்பாறையில் யானைகள் இன்றும் நடமாடுகின்றன. எச்சரிக்கை இன்றும் தேவைப்படுகிறது. மோதல் ஒழிந்துவிட்டது என்று அழைப்பிதழில் படிப்பவர் அந்தியில் அஞ்சாமல் நடக்கத் துணியலாம். பேச்சாளரை உயர்த்துவதாக எண்ணி எழுதிய தொடர், அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிவரும் செய்திக்கே எதிராகிவிடுகிறது.

எனவே அறிமுகக் குறிப்பில் இடம்பெறும் ஒவ்வொரு வினைச்சொல்லையும் நிறுத்தி, ‘இதைப் பேச்சாளர் அவையில் எழுந்து நின்று ஒப்புக்கொள்வாரா?’ என்று கேட்க வேண்டும். ‘ஒழித்தார்’ என்பதை அவர் ஒப்புக்கொள்ளார். ‘குழுவினருடன் உருவாக்கினார்’ என்பதை ஒப்புக்கொள்வார்.

தன்மையிலிருந்து படர்க்கைக்கு

பேச்சாளர் தம்மைப் பற்றித் தாமே எழுதும்போது எண்ணம் தன்மையில் எழும். எழுத்து படர்க்கையில் அமைய வேண்டும். ‘நான்’ என்பதை நீக்கி ‘இவர்’ என்பதை இட்டால் இம்மாற்றம் முடிந்துவிடும் எனப் பலர் கருதுகின்றனர். தமிழில் தன்மையின் அடையாளம் வினைமுற்றிலும், தற்சுட்டுப் பெயரிலும், இடத்தையும் காலத்தையும் சுட்டும் சொற்களிலும் பரவிக் கிடக்கிறது. ஒன்றை மாற்றி மற்றொன்றை விட்டால் தொடர் பிறழும்.

களஆய்வாளர் ஒருவர் தம் நாட்குறிப்பில் இவ்வாறு எழுதியிருப்பதாகக் கொள்க:

> பத்து ஆண்டுகளுக்கு முன்பு இங்கு வந்தேன். என் ஆய்வைத் தொடங்கினேன். எங்கள் குழு இப்போது மூன்று தோட்டங்களில் பணி செய்கிறது.

இதில் ‘வந்தேன்’, ‘தொடங்கினேன்’ என்பவை ‘வந்தார்’, ‘தொடங்கினார்’ என உயர்வுப் பன்மையில் மாறும். ‘என் ஆய்வு’ என்பது ‘தம் ஆய்வு’ என மாறும். ‘அவர் தனது ஆய்வை’ என எழுதுவது வழக்கில் மிகுந்துள்ளது. எனினும் ‘தன்’ ஒருமைக்கும் ‘தம்’ பன்மைக்கும் உரியன. வினைமுற்று ‘ஆர்’ ஈறு பெற்றிருக்கையில் ‘தம்’ என எழுதுவதே பொருந்தும். ‘எங்கள் குழு’ என்பது ‘இவருடைய குழு’ என்றோ, அமைப்பின் பெயரோடு ‘இன்ன அமைப்பின் குழு’ என்றோ மாற வேண்டும்.

இவற்றுக்குப் பின்னும் மூன்று சொற்கள் எஞ்சுகின்றன: ‘பத்து ஆண்டுகளுக்கு முன்பு’, ‘இங்கு’, ‘இப்போது’. எழுதுபவர் நிற்கும் இடத்தையும் அவர் எழுதும் நாளையும் அறிந்தவருக்கே இவை பொருள் தரும். குறிப்பு எழுதப்படும் இடம் வால்பாறை. அது ஒட்டப்படும் இடம் மதுரையாகவோ யாழ்ப்பாணமாகவோ இருக்கலாம். எழுதப்படும் ஆண்டு ஒன்று. அடுத்த அமைப்பாளர் அதை எடுத்துப் பயன்படுத்தும் ஆண்டு வேறொன்று. ஆதலின் ‘இங்கு வந்தேன்’ என்பது ‘வால்பாறைக்குச் சென்றார்’ என்று மாறும். ‘வந்தார்’ என்பதும் எழுதுபவரின் இடத்தைக் காட்டிவிடுவதை உணர்க. ‘பத்து ஆண்டுகளுக்கு முன்பு’ என்பதற்கு மாறாக உரிய ஆண்டினை எண்ணால் எழுத வேண்டும். ‘இப்போது’, ‘அண்மையில்’, ‘சென்ற ஆண்டு’, ‘நம் மாவட்டம்’ ஆகிய நான்கும் அறிமுகக் குறிப்பில் இடம்பெறலாகா. முதல் வரைவில் ‘அண்மையில்’ எனச் சுட்டப்பட்ட விருது 2015ஆம் ஆண்டிற்குரியது என்பதை இங்கு நினைவுகூர்க.

> தெரிந்து தெளிவோம்
>
> ‘திரு’, ‘அவர்கள்’ ஆகிய மரியாதைச் சொற்களைக் குறிப்பில் எழுதுவதில்லை. எல்லாப் பேச்சாளருக்கும் ஒரே முறையில் அவற்றைச் சேர்ப்பது அமைப்பாளரின் பணி. குறிப்பிலும் இருந்து அமைப்பாளரும் சேர்த்தால் ‘திரு. திரு.’ என அச்சாகிவிடும். ‘முனைவர்’, ‘மருத்துவர்’ போன்றவை படிப்பாலும் தொழிலாலும் வருபவை; பேச்சாளர் விரும்பினால் பெயரோடு சேர்க்கலாம்.

பெயர்கள்

அறிமுகக் குறிப்பில் பிழை நேர்ந்தால் மிகுதியாக வருத்தம் தருவது பெயரில் நேரும் பிழையே. ஆங்கில எழுத்தில் ‘எம்’ என வரும் தலைப்பெழுத்து தமிழில் ‘ம’, ‘மா’, ‘மு’, ‘மோ’ என எதுவாகவும் இருக்கலாம். அதை ஊகித்து எழுதுவது தந்தையின் பெயரையே மாற்றிவிடும். ‘ஆனந்தகுமார்’ என ஒரே சொல்லாகவும், ‘ஆனந்த குமார்’ எனப் பிரித்தும் எழுதலாம்; இரண்டில் எது என்பதைப் பெயருக்கு உரியவரே கூற வேண்டும். கூறியபின் குறிப்பிலும் அழைப்பிதழிலும் பதாகையிலும் அவ்வடிவமே வர வேண்டும்.

அமைப்புகளின் பெயரை எழுதுபவர் தம் விருப்பப்படி மொழிபெயர்ப்பதும் இடர் தரும். ‘நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்’ என்பதை ஒருவர் ‘இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம்’ என்பார். மற்றொருவர் ‘இயற்கைக் காப்பு அறக்கட்டளை’ என்பார். படிப்பவருக்கு இவை இரு வேறு அமைப்புகளாகத் தோன்றும். அமைப்பு தனக்கெனத் தமிழ்ப்பெயர் ஒன்றை வழங்கிவருமாயின் அதனை எழுதலாம். அஃது உறுதியாகத் தெரியாதபோது அதன் பெயரை ஒலிபெயர்த்து எழுதுவதே நேரிது. அதன்பின் ‘என்னும் காட்டுயிர் ஆய்வு அமைப்பு’ என ஒரு விளக்கம் சேர்த்தால் பெயர் அறியாதவருக்கும் பொருள் விளங்கும்.

திருத்திய வடிவம்

மேற்கண்டவற்றை உளங்கொண்டு முதல் வரைவைப் புதிதாக எழுதினால் பின்வரும் வடிவம் கிடைக்கும். இதன் அளவு ஏறத்தாழ 60 சொற்கள்.

> எம். ஆனந்தகுமார் யானைகளின் நடமாட்டத்தையும் அவற்றுக்கும் மனிதருக்கும் இடையிலான உறவையும் ஆராயும் காட்டுயிர் ஆய்வாளர். கோயம்புத்தூர் மாவட்டம் வால்பாறைப் பீடபூமியில், யானைகள் இருக்கும் இடத்தை மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் தகவல் முறையை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பின் குழுவினருடன் உருவாக்கினார். கைப்பேசிக் குறுஞ்செய்தி, உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்து, சாலையோரச் சிவப்பு விளக்கு ஆகியவற்றால் இயங்கும் இம்முறையில் தோட்ட மக்களும் வனத்துறையினரும் பங்கேற்கின்றனர். இப்பணிக்காக இவருக்கு 2015ஆம் ஆண்டு பிரிட்டனின் விட்லி ஃபண்ட் ஃபார் நேச்சர் அமைப்பு விட்லி விருது வழங்கியது.

இதில் புகழ்ச்சொல் ஒன்றும் இல்லை. எனினும் படித்து முடித்தவரின் மனத்தில் பேச்சாளர் மீது மதிப்புப் பிறக்கிறது. அம்மதிப்பு அடைமொழியால் பிறந்ததன்று. குறுஞ்செய்தியும் விளக்கும் கண்முன் தோன்றுவதால் பிறந்தது.

தொடர்கள் அடுக்கப்பட்டுள்ள வரிசையும் கருதத்தக்கது. முதல் தொடர் ‘யார்’ என்னும் வினாவுக்கு விடை தருகிறது. இரண்டாம் தொடர் ‘என்ன செய்தார், எங்கே செய்தார்’ என்பதற்கும், மூன்றாம் தொடர் ‘எவ்வாறு, எவருடன்’ என்பதற்கும் விடையாகின்றன. நான்காம் தொடர் பிறர் அப்பணியை ஏற்றதற்குச் சான்று தருகிறது. அமைப்பாளருக்கு இடம் போதாவிடில் அவர் இறுதியிலிருந்தே வெட்டுவார். நான்காம் தொடரை வெட்டினாலும் குறிப்பு நிறைவாக நிற்கும். மூன்றாவதையும் வெட்டினாலும் நிற்கும். விருதை முதலில் வைத்துப் பணியை இறுதியில் வைத்திருந்தால், வெட்டியபின் எஞ்சுவது விருதின் பெயர் மட்டுமே. எதற்காக விருது என்பது எவருக்கும் தெரியாமற்போகும்.

இருப்பினும் வெட்டும் பணியை அமைப்பாளரிடம் முழுவதும் விட்டுவிடுவது நன்றன்று. அழைப்பிதழின் சிறு கட்டத்திற்கென ஏறத்தாழ 20 சொற்களில் மற்றொரு வடிவத்தையும் பேச்சாளரே எழுதித் தர வேண்டும்.

> எம். ஆனந்தகுமார், வால்பாறையில் யானைகளின் இருப்பிடத்தை மக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் தகவல் முறையைக் குழுவினருடன் உருவாக்கிய காட்டுயிர் ஆய்வாளர்; 2015ஆம் ஆண்டு விட்லி விருது பெற்றவர்.

இடம் இவ்வளவு சுருங்கியபோதும் ‘குழுவினருடன்’ என்னும் சொல் நீக்கப்படவில்லை என்பதைக் காண்க. அமைப்பின் பெயரையும் விளக்கின் நிறத்தையும் விட்டுவிடலாம். அவை இல்லாமலும் குறிப்பு உண்மையாகவே இருக்கும். அச்சொல்லை விட்டால் குறிப்பு பொய்யாகிவிடும். சுருக்குவதன் எல்லை இதுவே.

பட்டமும் விருதும் இல்லாதவர்

விருது பெற்றவருக்கே அறிமுகக் குறிப்பு எழுத இயலும் என்பதன்று. வால்பாறையில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் அதே மேடையில் தம் பட்டறிவைப் பேச வருவதாகக் கொள்க. ‘இவர் ஓர் எளிய தொழிலாளி; படிக்காவிடினும் பண்பாளர்’ என்று எழுதுவது அவரைச் சிறுமைப்படுத்தும். இல்லாததைச் சொல்லத் தொடங்குவதால் நேரும் பிழை இது. ஆய்வாளருக்கு எழுப்பிய அதே வினாக்களை இவருக்கும் எழுப்ப வேண்டும். எத்தனை ஆண்டுகளாக, எந்தப் பகுதியில், என்ன பணி செய்கிறார்? இன்று பேசவிருக்கும் பொருளோடு அப்பணிக்குள்ள தொடர்பு யாது?

> (பெயர்) வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் 1998ஆம் ஆண்டு முதல் கொழுந்து பறிக்கும் பணி செய்பவர். தோட்டத்தில் யானைகளைக் கண்டவுடன் உடன் பணிபுரிவோருக்கும் தகவல் குழுவினருக்கும் தெரிவித்து வருகிறார். யானை வரும் வழிகளையும் அப்போது தொழிலாளர் நடந்துகொள்ளும் முறையையும் பற்றிப் பேசுகிறார்.

இது பயிற்சிக்காக எழுதப்பட்ட மாதிரி. ‘பல ஆண்டுகளாக’ என்பதற்கு மாறாகத் தொடக்க ஆண்டு எழுதப்பட்டிருப்பதால், எந்த ஆண்டில் படித்தாலும் இக்குறிப்பு பழுதுபடாது. பேசவிருக்கும் பொருள் இறுதித் தொடராக அமைந்துள்ளது. பட்டமில்லாத பேச்சாளரின் பேச்சுக்குத் தகுதி எங்கிருந்து வருகிறது என்பதை அத்தொடர் காட்டிவிடுகிறது.

எழுத்துருவும் வடிவமும்

சொற்கள் செம்மையாக அமைந்தபின்னும் குறிப்பு அமைப்பாளரிடம் சிதைந்து சேரலாம். தமிழில் இச்சிதைவு மிகுதி. அதற்குக் காரணம் எழுத்துருக் குறியீடு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைக்கப்பட்டுள்ளன. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டச்சு செய்தால் கணினி அதைச் சேமிப்பது கீழ்வருமாறு:

```
mk;kh
```

அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்குறிப்பை ஒட்டினால் மேற்கண்ட எழுத்துகளே தோன்றும். ஒருங்குறியில் இவ்வாறு நேராது. அதில் தமிழுக்கெனத் தனிக்குறியீடுகள் உண்டு. ‘அ’ என்பதன் குறியீடு `U+0B85`. எந்த எழுத்துருவில் காட்டினாலும் அது ‘அ’ ஆகவே இருக்கும். கோவையில் 2010ஆம் ஆண்டு சூன் மாதத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றபோது, ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துரு 16 என்னும் குறியீட்டையும் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது. எனவே அறிமுகக் குறிப்பை ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

குறிப்பு ஒருங்குறியில் உள்ளதா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. அதை நகலெடுத்து, கைப்பேசியில் தனக்குத்தானே குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்க்கலாம். தமிழாகத் தெரிந்தால் அது ஒருங்குறியில் உள்ளது எனக் கொள்ளலாம். தடித்த எழுத்து, வண்ணம், அட்டவணை ஆகியவை அச்செய்தியில் மறைந்துபோவதையும் காணலாம். ஆகவே அவற்றின் உதவியின்றிப் பொருள் விளங்குமாறு ஒரே பத்தியாக எழுதுவது நன்று. ‘கீழே காண்க’, ‘படத்தில் இருப்பவர்’ போன்ற தொடர்களும் ஒட்டியபின் பொருளற்றுப்போகும்.

குறிப்பைப் படமாகவோ பி.டி.எஃப். கோப்பாகவோ அனுப்பலாகாது. படத்திலிருந்து எழுத்தைப் பிழையின்றி நகலெடுப்பது எளிதன்று. அமைப்பாளர் மீண்டும் தட்டச்சு செய்யும்போது பெயரில் பிழை நுழையும். பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது ‘கொ’, ‘கோ’ போன்றவற்றின் கொம்பும் காலும் இடம் பெயர்ந்து எழுத்துகள் குலைவதுண்டு. மின்னஞ்சலின் உள்ளேயே இரு வடிவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் அதன் சொல்லளவைக் குறித்து அனுப்புவதே போதுமானது.

கைப்பேசி எண்ணையும் வீட்டு முகவரியையும் குறிப்பினுள் எழுதலாகாது. அமைப்பாளர் குறிப்பை மாற்றாமல் ஒட்டுவார் என்பதே இதன் அடிப்படை. எண் உள்ளே இருந்தால் எண்ணும் ஊரறிய வெளியாகிவிடும். அமைப்பாளருக்குத் தேவையான அத்தகவலை மின்னஞ்சலின் தொடக்கத்தில், குறிப்புக்கு வெளியே தனியே எழுத வேண்டும்.

அனுப்பும் முன்

குறிப்பை எழுதியவர் பேச்சாளர் அல்லர் எனின், அதை அவருக்குக் காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரே வெளியிட வேண்டும். பெயரின் வடிவம், பணிப்பொறுப்பு, ஆண்டுகள் ஆகிய மூன்றையும் அவர் சரிபார்க்க வேண்டும். இவற்றுள் விரைவில் பழையதாவது பணிப்பொறுப்பு. பணிமாற்றத்தாலும் ஓய்வாலும் அது மாறிக்கொண்டே இருக்கும். ஆதலால் நிகழ்காலத்தில் அமைந்த தொடர்களை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்பும் மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுடன் கூடிய இறந்தகாலத் தொடர்கள் அவ்வாறு மாறுவதில்லை.

இறுதியாக ஒருமுறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அழைப்பிதழில் அச்சான அதே குறிப்பைத்தான் தொகுப்பாளர் மேடையிலும் படிப்பார். மூச்சு முட்டும் தொடரை அங்கேயே இரண்டாகப் பிரித்துவிடலாம். வால்பாறையின் யானைச் செய்தி சில சொற்களே கொண்டது. அனுப்பியவரை அறியாதவரும் அதைப் படித்த அளவில், யானை எங்கே என்பதை ஐயமின்றி அறிந்துகொள்கிறார். பேச்சாளரை அறியாதவர் அறிமுகக் குறிப்பைப் படித்த அளவில், அவர் யார், என்ன செய்தார் என்பதை அவ்வாறே ஐயமின்றி அறிந்துகொள்ள வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே தொழிலைச் செய்துவரும் ஒருவரைச் சந்தித்து, அவருடைய ஒப்புதலுடன் 60 சொற்களிலும் 20 சொற்களிலும் அறிமுகக் குறிப்பு எழுதுக. எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் திருத்தச் சொன்ன இடங்களைத் தனியே குறிக்க.
2. உங்கள் பள்ளி விழா அழைப்பிதழ் ஒன்றிலுள்ள அறிமுகத்தை எடுத்து, எவருக்கும் பொருந்தும் அடைமொழிகளை அடிக்கோடிடுக. அவற்றை நீக்கியபின் எஞ்சும் செய்திகளைப் பட்டியலிடுக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

‘ஆசிரியர் ______ நூலை 2012ஆம் ஆண்டு வெளியிட்டார்’ – பொருத்தமான சொல்லைத் தேர்க.
அ) தன்  ஆ) தனது  இ) தம்  ஈ) என்

*குறுவினா*

1. அறிமுகக் குறிப்பில் ‘அண்மையில்’ என்னும் சொல் ஏன் இடம்பெறலாகாது?
2. ‘திரு’ என்பதைக் குறிப்பில் எழுதாமைக்குக் காரணம் யாது?

*சிறுவினா*

1. பின்வரும் பகுதியைப் படர்க்கையில், எங்கும் ஒட்டத்தக்கவாறு மாற்றி எழுதுக: ‘சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் மூலிகைத் தோட்டம் அமைத்தோம். நானும் என் நண்பர்களும் இங்கு நாற்பது செடிகளை நட்டோம்.’
2. அமைப்பின் பெயரை விருப்பப்படி மொழிபெயர்ப்பதால் நேரும் இடரை விளக்குக.

*நெடுவினா*

பாடத்தில் உள்ள முதல் வரைவையும் திருத்திய வடிவத்தையும் ஒப்பிட்டு, மிகைக்கூற்று பேச்சாளருக்கும் படிப்பவருக்கும் உடன் உழைத்தவருக்கும் எவ்வாறு தீங்கு செய்கிறது என்பதை நிறுவுக.